புரட்டாசியில் பிரியாணி கடைக்கு எந்த வெஜ் மெனு எடுபடும்?

"வேலூர்ல பிரியாணி ஓட்டல் வச்சிருக்கோம். சாதாரண நாள்ல தினம் 15 கிலோ அரிசி போடுவோம். புரட்டாசி பொறந்தா பாதிக்கு மேல படுத்துடுது. போன வருஷம் வெஜ் மீல்ஸ் போட்டோம், ஓடல. இந்த வருஷம் என்ன மெனு போடறது, என்ன விலை வைக்கறது, ஆஃபர் எப்படி கொடுக்கறது?"

சாம்பார், ரசம், கூட்டு சாப்பிட நினைப்பவருக்கு ஊரில் சைவ ஓட்டல்கள் இருக்கின்றன. உங்கள் கடைக்கு வருபவர் பிரியாணிக்காக வருகிறார். புரட்டாசியில் அவர் விடுவது கறியைத்தான், பிரியாணி ஆசையை இல்லை. அதனால் மீல்ஸை விட்டுவிடுங்கள். சீரக சம்பா காளான் பிரியாணி, எண்ணெய்க் கத்திரிக்காய், வெங்காயத் தயிர்ப் பச்சடி என்று ஒரே ஒரு செட்டை நன்றாகச் செய்யுங்கள். அசைவத்தை நிறுத்த வேண்டாம், அளவைக் குறைத்தால் போதும். விரதம் இல்லாதவர்களும் மற்ற மதத்தாரும் இந்த மாதமும் வருவார்கள்.

மெனுவுக்கு முன்னால் அடுப்பைப் பாருங்கள். நான்கு பேர் சேர்ந்து சாப்பிடக் கிளம்பினால், எந்தக் கடை என்பதை அதில் விரதம் இருக்கும் ஒருவர்தான் தீர்மானிக்கிறார். அவர் உள்ளே வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "பாத்திரமெல்லாம் தனியா?" என்பது. சப்ளையர் ஒரு நொடி தயங்கினாலும் நான்கு பேரும் எழுந்து போய்விடுவார்கள். அதனால் ஓர் அடுப்பு, ஒரு தேக்சா, ஒரு வாணலி, கரண்டிகள், வெட்டும் பலகை, கத்தி ஆகியவற்றை இந்த ஒரு மாதத்துக்குத் தனியாக ஒதுக்குங்கள். புதிதாக வாங்கினால் இன்னும் நல்லது. சமைக்கும் இடம் கல்லாவில் இருந்தே தெரியுமாறு இருந்தால் பேச்சே தேவையில்லை.

பாத்திரம் பிரித்த பிறகும் மூன்று இடங்களில் தவறு நடக்கும். முதலாவது எண்ணெய். சிக்கன் பொரித்த எண்ணெயிலேயே கோபி 65 போட்டால் முதல் வாயிலேயே வாடை காட்டிக் கொடுத்துவிடும். இரண்டாவது பரோட்டா. மாவில் முட்டை ஊற்றிப் பிசையும் கடையானால் சைவ மேசைக்கு அந்தப் பரோட்டா போகக் கூடாது. முட்டை இல்லாமல் தனி மாவு பிசைய வேண்டும், சால்னாவுக்குப் பதில் காய்கறிக் குருமா வைக்க வேண்டும். மூன்றாவது பலரும் கவனிக்காதது: கத்திரிக்காய்த் தொக்கு. பிரியாணிக்கு எப்போதும் வைப்பதுதானே என்று அதையே எடுத்து வைப்பார்கள். ருசிக்காக அதில் பிரியாணி மசாலா எண்ணெய் ஒரு கரண்டி விடும் வழக்கம் இருக்கிறதா என்று மாஸ்டரிடம் நேராகவே கேளுங்கள்.

இனி பிரியாணி. ஒரு கிலோ சீரக சம்பாவுக்கு 700 கிராம் மொட்டுக் காளான், 400 கிராம் வெங்காயம், 300 கிராம் தக்காளி, 150 கிராம் இஞ்சி பூண்டு விழுது, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது 40 கிராம், 150 மில்லி தயிர், 150 மில்லி எண்ணெய், 50 கிராம் நெய், புதினாவும் மல்லியும் தலா ஒரு கைப்பிடி. தாளிக்கும் முறை உங்கள் மாஸ்டர் ஆம்பூர் பாணியில் எப்போதும் செய்வதுதான். மாற வேண்டியது காளானைக் கையாளும் விதம்.

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கறியைப் போடுவது போலப் பச்சையாக மசாலாவில் போட்டால் அந்தத் தண்ணீர் முழுவதும் தேக்சாவின் அடியில் இறங்கும். முக்கால் பதம் வெந்து வடித்த அரிசி அதை இழுத்துக்கொண்டு தம்மில் குழைந்துவிடும். அடிச் சாதம் களியாகவும் மேல் சாதம் வெள்ளையாகவும் வந்தால் காரணம் இதுதான். காளானை ஊறவைக்காமல் அலசித் துடைத்து, காம்பை நறுக்கி ஒதுக்கிவிட்டு இரண்டாக நறுக்குங்கள். அகல வாணலியில் பெருந்தீயில், எண்ணெயும் உப்பும் இல்லாமல் வதக்குங்கள். முதலில் தண்ணீர் விட்டு சளசளவென்று கொதிக்கும்; அது வற்றி, காளான் வாணலியில் ஒட்டத் தொடங்கி ஓரம் பழுப்பேறும்போது எடுத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் வாணலியை நிரப்பினால் வதங்காது, வேகும். சிறு சிறு பங்காகப் போடுங்கள். அப்புறம் இதை மசாலாவில் சேர்த்தால் கடித்தால் கறி போல எதிர்க்கும்.

"மசாலா எல்லாம் போட்டும் சப்பென்று இருக்கிறது" என்பது சைவ பிரியாணியில் வரும் அடுத்த குறை. கறியில் இருந்து இறங்கும் கொழுப்பும் எலும்புச் சாறும்தான் மசாலாவை அரிசியில் ஒட்டவைக்கிறது. இங்கே அது இல்லை. அதனால் வெங்காயத்தை வழக்கத்தைவிட ஒரு படி கூடுதலாகச் சிவக்க விடுங்கள். நறுக்கி ஒதுக்கிய காளான் காம்புகளைக் கால் லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பாதியாக வற்றியதும் வடித்து, அந்தச் சாற்றை மசாலாவில் விட்டுச் சுண்டவிடுங்கள். நெய்யை தம் போடும்போது மேலே விடுங்கள்.

மூன்று கிலோவை 10 கிலோ தேக்சாவில் தம் போடாதீர்கள். மேலே காலியிடம் அதிகமானால் ஆவி தங்காமல் மேல் சாதம் வறண்டு விரைத்துப் போகும். பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்ப வேண்டும்.

கத்திரிக்காய்க்கு உங்கள் மாவட்டத்திலேயே இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் இருக்கிறது, புவிசார் குறியீடு பெற்றது. சைவ செட்டில் கத்திரிக்காய்தான் கறியின் இடத்தில் நிற்கிறது. ஆகவே சந்தையில் கிடைத்தால் அதையே வாங்கி, பலகையில் பெயரையும் எழுதுங்கள். எள்ளும் வேர்க்கடலையும் வறுத்தரைத்து, புளியோடு கடுகளவு வெல்லம் சேர்த்து, பரிமாறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இறக்கிவைத்தால் காரமும் புளிப்பும் காயில் ஏறியிருக்கும்.

விலைக் கணக்கை ஒரு மாதிரியாகப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் மண்டி விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். அரிசி ரூ.130, காளான் ரூ.140, எண்ணெயும் நெய்யும் ரூ.80, வெங்காயம் தக்காளி ரூ.40, தயிர், மசாலா, தழை எல்லாம் சேர்த்து ரூ.70. ஆக ஒரு கிலோவுக்கு ரூ.460. 350 கிராம் பிளேட் 10 வரும், பிளேட்டுக்கு ரூ.46. கத்திரிக்காய் ரூ.8, பச்சடி ரூ.4 சேர்த்தால் ரூ.58. ரூ.150க்கு விற்றால் பொருள் செலவு நூற்றுக்கு 39. இதற்குக் கீழே விலை இறக்கினால் கேஸ், கூலி, வாடகைக்கு இடமிருக்காது. பார்சல் டப்பா செலவைத் தனியாகச் சேருங்கள்.

இந்தக் கணக்கில் 10 சதவீதத் தள்ளுபடி வேண்டாம். நான்கு பிளேட் ரூ.600க்கு ரூ.60 போய்விடும், வாடிக்கையாளர் மனதிலும் நிற்காது. பதிலாக, நான்கு பிரியாணி வாங்கினால் ஒரு பிளேட் கோபி 65 இலவசம் என்று வையுங்கள். நான்கில் ஒன்றாவது காளான் பிரியாணியாக இருக்க வேண்டும், மற்றவை எதுவாகவும் இருக்கலாம். ரூ.100க்கு விற்கும் கோபிக்கு உங்கள் கைச்செலவு ரூ.30 அளவில்தான். விரதக்காரர் ஒருவரால் குடும்பமே வேறு கடைக்குப் போவதை இது தடுக்கும். கோபிக்குச் சிவப்புச் சாயப் பொடி கூடாது. காஷ்மீரி மிளகாய்த் தூளே நல்ல நிறம் தரும்.

சனிக்கிழமைகளில் கவனமாக இருங்கள். பெருமாளுக்குத் தளிகை போட்டு வீட்டிலேயே மதியம் சாப்பிடுபவர்கள் அதிகம், அதனால் அன்று மதியம் ஒரு கிலோ போதும். மாலையில் முட்டையில்லாப் பரோட்டாவும் கோபியும் போகும். மகாளய அமாவாசையும் அப்படித்தான். முதல் வாரம் மற்ற நாட்களில் 3 கிலோ, ஞாயிற்றுக்கிழமை 5 கிலோ எனத் தொடங்கி, மதியம் 11.30க்கும் 1 மணிக்கும் இரண்டு தடவையாக தம் உடையுங்கள். கடைசி பிளேட் எத்தனை மணிக்குப் போனது என்று தினமும் குறியுங்கள். 2 மணிக்கு முன்பே தீர்ந்தால் மறுநாள் ஒரு கிலோ கூட்டுங்கள், 3.30க்கும் மிஞ்சினால் ஒரு கிலோ குறையுங்கள். மிஞ்சியதை மறுநாள் சூடாக்கிப் போட வேண்டாம், காளான் ரப்பராகிவிடும்.