இருப்பில் உட்கார்ந்திருக்கும் வாடகை

அன்புள்ள ஐயா,

அம்பத்தூர் எஸ்டேட்டில் நானும் என் மச்சானும் பார்ட்னர்ஷிப்பில் ஒரு சின்ன ஒர்க்ஷாப் நடத்துகிறோம். பம்ப் கம்பெனிகளுக்கு ஸ்டீல் புஷ் கடைந்து கொடுக்கிறோம். முந்தைய வருடம் 50,000 பீஸ் செய்தோம், 50,000-மும் விற்றது. போன வருடம் ஆர்டர் கூடும் என்று நம்பி 60,000 செய்தோம். விற்றது அதே 50,000. விலை மாறவில்லை, பீஸ் 220 ரூபாய். ராடு, இன்செர்ட், பீஸ் கூலி எல்லாம் சேர்ந்து ஒரு பீஸுக்கு 120 ஆகிறது. ஷெட் வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், மெஷின் தேய்மானம் போன்ற மாறாத செலவு இரண்டு வருடமும் 30 லட்சம். ஆபீஸ் செலவு கழிக்கும் முன் லாபம் 20 லட்சத்திலிருந்து 25 லட்சமாகிவிட்டது என்கிறார் ஆடிட்டர். பேங்கில் எங்கள் ஓவர்டிராஃப்ட், அதாவது ஓடி கணக்கோ முன்பைவிட மோசம். கேட்டால், "அப்சார்ப்ஷன் காஸ்டிங் அப்படித்தான் சார்" என்கிறார். "நிறையச் செய்தால் அடக்கம் குறையும், இன்னும் செய்வோம்" என்கிறான் மச்சான். எங்கே தப்பு?

எஸ்., அம்பத்தூர்

அன்புள்ள எஸ்.,

ஆடிட்டர் போட்ட கணக்கு சரிதான். மச்சான் அதிலிருந்து எடுத்த முடிவுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

அந்த 30 லட்சத்திலிருந்து தொடங்குவோம். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொடுத்தாக வேண்டிய பணம் அது. ஈபி பில்லிலும் இப்படி ஒரு பகுதி உண்டு: வாங்கி வைத்திருக்கும் லோடுக்கான ஃபிக்ஸட் சார்ஜ். அப்சார்ப்ஷன் முறையில் இந்தப் பணத்தை அந்த வருடத்துச் செலவு என்று நேரடியாக எழுதுவதில்லை. செய்த ஒவ்வொரு பீஸின் தலையிலும் ஒரு பங்கை ஏற்றிவிடுகிறோம். பீஸ் விற்றால் அந்தப் பங்கு செலவுக் கணக்குக்குப் போகும். விற்காமல் ரேக்கில் இருந்தால், பங்கும் பீஸோடு சேர்ந்து அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

முதல் வருடம் 30 லட்சத்தை 50,000 பீஸ் சுமந்தது, அதாவது தலைக்கு 60 ரூபாய். அடக்கம் 180, விலை 220, பீஸுக்கு 40 லாபம். ஆக 20 லட்சம். போன வருடம் அதே 30 லட்சத்தை 60,000 பீஸ் சுமந்ததால் தலைக்கு 50 ஆயிற்று. அடக்கம் 170, லாபம் 50. ஆக 25 லட்சம். இப்போது உங்கள் ரேக்கில் இருக்கும் 10,000 பீஸைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 50 ரூபாய் மாறாத செலவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெருக்கினால் 5 லட்சம். கூடுதல் லாபமும் அதே 5 லட்சம். நீங்கள் ஒரு பீஸ்கூட அதிகம் விற்கவில்லை, ராடு விலையும் இறங்கவில்லை. போன வருடத்து வாடகையிலும் சம்பளத்திலும் 5 லட்சம் செலவில் ஏறாமல் இருப்பில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பணம் எங்கே போயிற்று என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். அந்த 10,000 பீஸைச் செய்ய ராடுக்கும் கூலிக்கும் ஆன 12 லட்சம் நிஜமாகவே கையை விட்டுப் போனது. கூடுதலாகக் காட்டிய 5 லட்சத்துக்கு வரியும் உண்டு. பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 1,56,000 ரூபாய். ஏட்டில் லாபம் 5 லட்சம் கூடிய அதே வருடத்தில் சுமார் பதிமூன்றரை லட்சம் வெளியே போயிருக்கிறது. ஓடி ஏறாமல் என்ன செய்யும்?

சரி, இந்த வருடம் என்ன ஆகும்? அதே 50,000 விற்கிறது, ரேக்கில் இருப்பதைக் காலி செய்துவிட்டு 40,000 மட்டும் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 லட்சத்தை 40,000 பீஸ் சுமக்க வேண்டும், தலைக்கு 75. புதுப் பீஸின் அடக்கம் 195. பழைய 10,000 பீஸ் 170 வீதம் 17 லட்சம், புதியவை 78 லட்சம், மொத்தம் 95 லட்சம். விற்பனை 1 கோடியே 10 லட்சம். லாபம் 15 லட்சம். மூன்று வருடத்தையும் கூட்டினால் 60 லட்சம் வரும், வருடத்துக்குச் சராசரி 20. விற்பனை மூன்று வருடமும் ஒன்றுதான். நடுவில் ஏறியதும் பிறகு இறங்கியதும் உற்பத்தி எண்ணிக்கையால் மட்டுமே. இந்த 15-ஐப் பார்த்துவிட்டுத் தொழில் நொடிக்கிறது என்று யாராவது பதறுவார்கள். அப்புறம் லாபத்தைத் தூக்கிக் காட்ட மறுபடியும் அதிகம் செய்து ரேக்கில் அடுக்குவார்கள். எனக்குப் பயமே அந்த இடத்தில்தான்.

மாறாத செலவை வருடா வருடம் முழுசாகவே எழுதிவிட்டால் மூன்று வருடமும் 20 லட்சம் என்றே வரும். அப்படிச் செய்யலாமே என்று கேட்பீர்கள். உங்கள் சொந்த மாதக் கணக்குக்குத் தாராளமாகச் செய்யுங்கள், செய்யத்தான் வேண்டும். ஆனால் ஆடிட்டர் கையெழுத்துப் போடும் கணக்கில் முடியாது. இருப்பை மதிப்பிடும் கணக்கியல் தரநிலையான ஏஎஸ்-2, தொழிற்கூடத்தின் மாறாத செலவையும் இருப்பில் சேர்க்கச் சொல்கிறது. அதில் நியாயமும் உண்டு. ஷெட்டும் மெஷினும் இல்லாமல் புஷ் பிறக்காது. அடுத்த வருடம் விற்கப்போகும் பொருளைச் செய்த செலவை, அது விற்கும் வருடத்தோடு சேர்ப்பதுதான் அங்கே நோக்கம்.

அதே தரநிலை ஒரு கடிவாளமும் போட்டிருக்கிறது. மாறாத செலவை அந்த வருடம் எத்தனை பீஸ் செய்தோமோ அத்தனையால் கண்ணை மூடிக்கொண்டு வகுக்கக் கூடாது. சாதாரணமாக, திட்டமிட்ட மராமத்துக்கு மெஷினை நிறுத்தும் நாட்களையும் கழித்து, சில வருடச் சராசரியில் எத்தனை செய்ய முடியுமோ அதுதான் அடிப்படை. உங்களுக்கு அது 50,000 என்று எடுத்துக்கொண்டால், பீஸுக்கு 60 ரூபாய்தான் ஏறலாம். 40,000 மட்டுமே செய்த வருடத்தில் 24 லட்சம் பீஸ்களில் ஏறும். மீதி 6 லட்சம் யார் தலையிலும் ஏறாது, அந்த வருடத்துச் செலவாகவே எழுதப்படும். செய்ததெல்லாம் விற்றுவிட்டால், மேலே தலைக்கு 75 போட்டு வந்த அதே 15 லட்சம் லாபம்தான் இப்படியும் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் நின்றதே, அப்படி ஷெட்டைத் திறக்கவே முடியாத நாட்களின் வாடகையை, பிறகு செய்த பீஸ்களின் தலையில் போட்டு இருப்பின் மதிப்பை ஏற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விதி.

உற்பத்தி வழக்கத்துக்கு மேல் போன வருடத்தில் கதை வேறு. பீஸுக்கு 60 போட்டால் 36 லட்சம் ஏறிவிடும், செலவழித்ததோ 30 லட்சம். ஆகாத செலவை இருப்பில் காட்டக் கூடாது, அதனால் 50 ஆகக் குறைத்தே ஆக வேண்டும். ஆடிட்டர் செய்தது அதுதான். கடிவாளம் உற்பத்தி குறைந்தால் இறுகும்; அதிகம் செய்து அடுக்குவதை அது தடுக்காது. அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடக்கம் குறையும் என்ற மச்சானின் பேச்சு விலை பேசும் இடத்தில் இன்னும் பெரிய ஓட்டை போடும். புது பார்ட்டி ஒருவர் வந்து 190-க்குத் தருவீர்களா என்கிறார். அடக்கம் 170 தானே, 20 நிற்குமே என்று வருட ஒப்பந்தம் போட்டுவிடுகிறீர்கள். அந்த 170 என்பது 60,000 பீஸ் ஓடிய வருடத்தின் எண். 40,000 ஓடும் வருடத்தில் அடக்கமே 195. ஒவ்வொரு பீஸிலும் 5 ரூபாய் நஷ்டத்தில் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள், அது மார்ச் மாதத்துக்குப் பிறகுதான் தெரியும். நீண்டகால விலைக்கு, வழக்கமான 50,000 பீஸ் கணக்கில் வரும் 180-ஐ அடிப்படையாக வையுங்கள். மெஷின் சும்மா நிற்கும்போது வரும் ஒரு தடவை ஆர்டர் என்றால் பேச்சே வேறு: 120-க்கு மேல் கிடைப்பதெல்லாம் வரவு, ஆனால் அந்த விலையைப் பழைய பார்ட்டிகளிடம் பரவ விடாதீர்கள்.

புஷ்ஷோடு வேறு பார்ட்டும் செய்ய ஆரம்பித்தால் பீஸ் எண்ணிக்கையால் வகுப்பதை விட்டுவிடுங்கள். மெஷின் நேரத்தால் வகுக்க வேண்டும். உதாரணமாக வழக்கமான வருடத்தில் 5,000 மெஷின் மணி நேரம் என்றால் மணிக்கு 600, நிமிடத்துக்கு 10 ரூபாய். 4 நிமிட புஷ்ஷுக்கு 40, 12 நிமிட ஃபிளாஞ்சுக்கு 120. இரண்டுக்கும் ஒரே தொகை போட்டால் புஷ் அநியாய விலையாகத் தெரியும், ஃபிளாஞ்ச் நஷ்டத்தில் போகும்.

இருப்பில் என்னென்ன ஏறியிருக்கிறது என்பதையும் ஒருமுறை ஆடிட்டரோடு உட்கார்ந்து பாருங்கள். அக்கவுண்டன்ட் சம்பளம், ஆபீஸ் போன் பில், பார்ட்டிக்கு அனுப்பும் லாரி வாடகை எல்லாம் பீஸின் தலையில் ஏறக் கூடாது. சின்ன யூனிட்களில் எல்லாவற்றையும் ஒரே லெட்ஜரில் ஓவர்ஹெட் என்று போட்டுவிட்டு மொத்தமாக வகுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

கடைசியாக, ரேக்கில் இருக்கும் அந்த 10,000 பீஸ். ஏட்டில் அவற்றின் மதிப்பு 17 லட்சம். பம்ப் கம்பெனி டிராயிங்கைத் திருத்தி, உள்விட்டத்தை ஒரு நூல் குறைத்தால்கூட அந்த பீஸ்கள் எடைக்குத்தான் போகும். அடக்கம், விற்றால் கைக்கு வரக்கூடிய தொகை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் இருப்பின் மதிப்பாகக் காட்ட வேண்டும் என்பதும் விதி. அப்படி ஆனால் போன வருடத்து 5 லட்சம் லாபத்தோடு ராடுக்குப் போட்ட பணமும் சேர்ந்து போகும். பார்ட்டியிடம் இப்போதைய டிராயிங் ரிவிஷன் எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், உங்கள் பீஸ்கள் அதே ரிவிஷனா என்று பாருங்கள். துரு பிடிக்காமல் ஆயில் தடவி வைத்திருக்கிறார்களா என்று நீங்களே ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள். அந்த 10,000-மும் போகும்வரை புது ராடு வாங்குவதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி மச்சானிடம் பேசுங்கள். இந்த வருடம் லாபம் 15 லட்சம் என்று வந்தால், அது ஏன் என்று அவருக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டுக் காட்டிவிடுங்கள்.