கணக்குக்கு ஆள் தேவை

வணக்கம். எங்கள் தெருமுனையில் உள்ள பெயிண்ட், ஹார்டுவேர் கடையில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். "கணக்கு, பில்லிங்குக்கு ஆள் தேவை. டேலி தெரிந்தவர்கள் நேரில் வரவும்." அவ்வளவுதான். அப்பாவும் இரண்டு மகன்களும் நடத்தும் கடை. நான் பி.காம். திருமணத்துக்குப் பிறகு 6 வருடம் வேலைக்குப் போகவில்லை. போன வருடம் டேலி கோர்ஸ் முடித்தேன். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடத் தெரியாது. தெரியும் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டுப் பிறகு கற்றுக்கொள்ளலாமா? பயோடேட்டாவில் என்ன எழுதுவது? சம்பளம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பையன் ஸ்கூல் விட்டு 4 மணிக்கு வந்துவிடுவான். இந்த வேலைக்கு நான் பொருந்துவேனா?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

இந்த இரண்டு வரி போர்டுகளைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி விளம்பரம் படிக்கிற கண்ணோடு இதையும் படித்துவிட்டு, அதில் இருக்கிற ஒன்றிரண்டு சொற்களில் தனக்கு எது இல்லை என்று தேடி, வாசல்வரைக்கும் போகாமலே திரும்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் கடிதத்திலும் அதுதான் தெரிகிறது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். பயோடேட்டா ஒரு பக்கம் போதும். இந்த மாதிரிக் கடையில் அதை யாரும் உட்கார்ந்து படிக்கப்போவதில்லை. போன் நம்பருக்காக வாங்கி மேஜை டிராயரில் போடுவார்கள். ரிட்டர்னை இந்த அளவுக் கடைகளுக்குப் பெரும்பாலும் ஆடிட்டர் ஆபீஸே போட்டுவிடும். கடையில் இருப்பவர் விற்பனையையும் கொள்முதலையும் சரியாக ஏற்றி, கேட்ட நேரத்தில் அனுப்ப வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்கிற கடை என்றால் விற்பனை விவரத்துக்கு அடுத்த மாதம் 11-ம் தேதியும், வரி கட்டும் 3பி ரிட்டர்னுக்கு 20-ம் தேதியும் கெடு. ஆகவே 5-ம் தேதியிலிருந்து 20 வரை லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஜி.எஸ்.டி. பற்றி இப்போதைக்கு இது தெரிந்தால் போதும்.

ஆனால் "தெரியும் என்று சொல்லிவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. முதல் வாரத்திலேயே ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வரும். முதலாளி போனை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். அந்த ஒரு போனில் குட்டு உடைந்தால், அதற்குப் பிறகு நீங்கள் ஒழுங்காகப் போடுகிற என்ட்ரியையும் இரண்டாவது தடவை சரிபார்ப்பார்கள். "என்ட்ரி போடுவேன், ரிட்டர்ன் போட்டதில்லை" என்று நேராகச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தேவைப்படுவதும் என்ட்ரி போடும் ஆள்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு வரியை எழுதியவர் மனதில் இருப்பது, முன்பு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள். அந்த ஆள் பில் போட்டிருப்பார், கணக்கு ஏற்றியிருப்பார், பேங்குக்குப் போயிருப்பார், பாக்கிக்காரர்களுக்குப் போன் பண்ணியிருப்பார், மதியம் முதலாளி சாப்பிடப் போனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். இதையெல்லாம் போர்டில் எழுத முதலாளிக்குத் தோன்றாது. அவரைப் பொறுத்தவரை அதெல்லாம் ஒரே வேலை. "டேலி" என்பது அந்த ஆளின் வேலையில் அவர் பெயர் சொல்லத் தெரிந்த ஒரே பகுதி. நீங்களோ அந்த ஒரு சொல்லை வைத்து உங்களை அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி யாருங்க பாத்துக்கிட்டு இருந்தாங்க? அவங்க காலையில வந்ததுல இருந்து என்னென்ன செய்வாங்க?" இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, கேட்டதை மணிவாரியாக மனதில் அடுக்குங்கள். ஏன் போனார் என்பதையும் கேட்கலாம், ஆனால் அந்தப் பதிலைவிட, பதில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அப்பா ஒன்று சொல்லி, மகன் குறுக்கிட்டு வேறு ஒன்று சொன்னால், அந்த நாற்காலிக்கு இரண்டு மூன்று முதலாளிகள் என்று அர்த்தம். அப்போது "எனக்கு வேலை சொல்றது யாருங்க?" என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். கொள்முதல் பார்க்கும் அண்ணன் பில்லை ஏற்றச் சொல்வார், கவுண்டரில் நிற்கும் தம்பி அதை விட்டுவிட்டுப் பில் போடச் சொல்வார், மாதக் கடைசியில் இருவருமே உங்களைக் கேட்பார்கள்.

பிறகு எண்ணிக்கை. ஒரு நாளைக்கு எத்தனை விற்பனை பில், எத்தனை கொள்முதல் பில் என்று கேளுங்கள். 100 விற்பனை பில் என்று வைத்துக்கொள்வோம். சாமான் பெயரும் விலையும் கேட்டு, பில் அடித்துக் கொடுக்க ஒன்றுக்கு 2 நிமிடம் என்றால் 200 நிமிடம், அதாவது மூன்றே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். கொள்முதல் பில் 8, ஒன்றுக்கு 10 நிமிடம் வீதம் 80 நிமிடம். பாக்கி வரவு, போனில் வந்த பணம், பேங்க் கணக்கு ஒத்துப்பார்ப்பதற்கு ஒரு மணி நேரம். இரவு கல்லா முடிக்க அரை மணி. கூட்டினால் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு ஆள் செய்யக்கூடியதுதானே என்று தோன்றும். ஆனால் ஹார்டுவேர் கடைக்கு ஆள் சீராக வருவதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும் மேஸ்திரி, பிளம்பர், பெயிண்டர் எல்லோரும் கடை திறந்த கையோடு வருவார்கள். மறுபடி வேலை முடிந்து சாயங்காலம் வருவார்கள். நடுவில் 11 மணியிலிருந்து 4 மணிவரை கடை கொஞ்சம் மூச்சு விடும். கணக்கு ஏற்ற முடிகிற நேரம் அது மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உங்களுக்கு இதுவே உதவப்போகிறது.

வேலை கேட்டுப் போவதற்கு முன்னால் ஒரு நாள் வாடிக்கையாளராகப் போய் ஒரு குழாய் வாங்கிக்கொண்டு வாருங்கள். கம்ப்யூட்டர் பில் தருகிறார்களா, வெள்ளைத் தாளில் "எஸ்டிமேட்" என்று எழுதித் தருகிறார்களா என்று பாருங்கள். எல்லோருக்கும் தாள்தான் என்றால், டேலியில் ஏறுவது வியாபாரத்தில் ஒரு பகுதி மட்டும். சரக்கு இருப்பு ஒரு நாளும் ஒத்துவராது, "இருப்பு ஏன் இடிக்குது" என்ற கேள்வி மட்டும் உங்களிடம் வரும். சரக்கே போகாமல் பில் மட்டும் போடச் சொல்கிற இடமாக இருந்தால் அங்கே ஒரு நாளும் உட்காராதீர்கள். அது சட்டப்படி குற்றம், பில்லைப் போட்டது யார் என்ற கேள்வியும் எழும்.

உங்கள் டேலி போதுமா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. "ரெண்டு பர்ச்சேஸ் பில் குடுங்க, ஏத்திக் காட்டறேன்" என்று நீங்களே கேளுங்கள். பி.வி.சி. பைப் பில் இருந்தால் அதையே வாங்குங்கள், ஏனென்றால் கோர்ஸில் சொல்லிக்கொடுக்காதது அதில்தான் இருக்கிறது. 20 அடி பைப் 40 லெங்த் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி பில்லில் அளவு 40. கவுண்டரில் விற்பதோ அடிக் கணக்கில். ஒருவர் 35 அடி வாங்குகிறார், பில் போடுபவர் 35 என்று அடிக்கிறார். டேலி அதை 35 லெங்த் என்று எடுத்துக்கொண்டு இருப்பில் 5 மட்டும் காட்டும். உண்மையில் 800 அடியில் 765 அடி கடையிலேயே கிடக்கிறது. அடுத்த ஆள் 10 அடி வாங்கியதும் இருப்பு மைனஸுக்குப் போய்விடும். இதைத் தவிர்க்க, அந்தச் சாமானுக்கு அடியை அளவாக வைத்து, 1 லெங்த் 20 அடி என்று மாற்று அளவையும் டேலியிலேயே கொடுத்துவைக்க வேண்டும். அது இருந்தால் எந்த அளவில் அடித்தாலும் டேலி மாற்றிக்கொள்ளும்.

ஆகவே டேலியைத் திறந்ததும் சரக்கு இருப்பைப் பாருங்கள். மைனஸில் வரிசையாகச் சாமான்கள் நின்றால், அளவு குழம்பியிருக்கிறது, அல்லது கொள்முதல் பில்லை ஏற்றாமலே விற்பனை ஓடியிருக்கிறது, அல்லது ஒரே எல்போவை மூன்று பெயரில் மூன்று பேர் உருவாக்கியிருக்கிறார்கள். அடுத்து, கடைசியாக ஏறிய கொள்முதல் பில்லின் தேதி. அது இரண்டு மாதத்துக்கு முந்தியது என்றால் நீங்கள் சேருவது இரண்டு மாதப் பாக்கியோடு. சேரக்கூடாது என்று சொல்லவில்லை. "பழசை ஏத்த ஒரு மாசம் ஆகும், அதுவரைக்கும் கவுண்டர்ல கூப்பிடாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டுச் சேருங்கள். இதைச் சொல்லாமல் சேர்ந்தவர்கள்தான் மூன்றாவது மாதம் "வேலைக்கு லாயக்கில்லை" என்ற பெயரோடு வெளியே வருகிறார்கள். பழைய குழப்பம் அவர்கள் தலையில் விடிந்திருக்கும்.

கல்லா உங்கள் பொறுப்பா என்றும் கேளுங்கள். ஆமாம் என்றால், காலையில் எண்ணி வாங்கி, இரவில் எண்ணிக் கொடுத்து, நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிற ஏற்பாடு வேண்டும். வீட்டு ஆட்கள் போகிற போக்கில் பெட்ரோலுக்கும் டீக்கும் எடுத்துக்கொண்டு போகிற கல்லாவுக்கு வெளியாள் பொறுப்பேற்கவே கூடாது.

சம்பளம் கேட்கக் கூச்சம் என்கிறீர்கள். இதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். கடைக்காரர் ஒரு வாளி பெயிண்டுக்கு நாலு தடவை விலை பேசுகிறவர், நீங்கள் விலை கேட்பதை அவர் தப்பாக நினைக்கமாட்டார். சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதி, தீபாவளி போனஸ் உண்டா என்று கேளுங்கள். தமிழ்நாட்டுக் கடைச் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், வாரம் ஒரு நாள் லீவு. கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கண்ணால் எண்ணுங்கள். 10 பேருக்குக் குறையாமல் இருந்து, உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் பங்கு முக்கால் சதவீதம்தான், குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும்.

பையன் 4 மணிக்கு வருவான் என்பதைக் கடிதத்தின் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அவர்களிடம் அப்படிச் செய்யாதீர்கள், உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். பில்லிங்குக்குச் சாயங்காலம் ஆள் வேண்டும், அந்த நேரத்தில் நீங்கள் இருக்க முடியாது. அந்தப் பாதிக்கு நீங்கள் பொருந்தமாட்டீர்கள். ஆனால் மேலே சொன்ன கணக்கை எடுத்துப் பாருங்கள். கொள்முதல் பில்லும், வரவும், பேங்கும் சேர்ந்து இரண்டரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை, அதைச் செய்யத் தோதான நேரமும் 11 முதல் 4 வரை. "காலையில 10ல இருந்து மூன்றரை வரைக்கும் வர்றேங்க. கணக்கு முழுக்க என் பொறுப்பு, மதியம் பில்லும் போட்டுக் குடுக்கறேன். காலை, சாயங்காலக் கூட்டத்துக்கு உங்க பையன் கவுண்டர்லயே பில் அடிச்சிக்கட்டும்" என்று கேளுங்கள். முழு நாள் சம்பளம் தரமாட்டார்கள், பகுதிச் சம்பளத்துக்குத் தயாராகப் போங்கள். மதியம் மூன்று மணி வாக்கில் போனால் பெரியவர் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.