வாட்ச் காட்டும் 600 கலோரியும் திரும்பாத பாதமும்: நடன உடற்பயிற்சி கேள்வி-பதில்

வயது 42, எடை 68 கிலோ. வாரம் 4 நாள் ஒரு மணி நேர ஜும்பா வகுப்புக்குப் போகிறேன். ஸ்மார்ட் வாட்ச் ஒவ்வொரு முறையும் 600 கலோரிக்கு மேல் காட்டுகிறது. 3 மாதமாகியும் ஒரு கிலோகூடக் குறையவில்லை. தைராய்டாக இருக்குமோ?

அசதி, முடி கொட்டுவது போல வேறு தொந்தரவுகளும் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்த 600-ஐச் சந்தேகப்படுங்கள். இந்த எண்ணை நம்பி ஏமாந்தவர்களை 12 வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாட்ச் கலோரியை அளப்பதில்லை. நாடித்துடிப்பை அளந்து, அதிலிருந்து கலோரியை ஊகிக்கிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் இந்த ஊகம் ஓரளவு சரிப்படும். நடனத்தில் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே ஆடுகிறோம். கை உயர்ந்தாலே நாடி ஏறும், ஆனால் அந்த அளவுக்கு உடல் ஆக்சிஜன் செலவழிப்பதில்லை. போதாததற்கு ஜன்னல் மூடிய அறை, 30 பேர், புழுக்கம். உடலைக் குளிர்விக்கவே இதயம் கூடுதலாக ஓடும். வாட்ச் இதையெல்லாம் உழைப்பு என்று எழுதிக்கொள்கிறது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் 7 கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவை நாடியை நன்றாகவே அளந்தன. கலோரியில் மட்டும், இருந்ததிலேயே நல்ல பட்டைகூட சராசரியாகக் கால்பங்குக்கு மேல் தவறியது.

உங்கள் கணக்கை நாமே போடலாம். ஒரு மணி நேர வகுப்பில் வார்ம்-அப்பும் கூல்-டவுனுமாக 20 நிமிடம், தண்ணீர் குடிக்க, பாட்டு மாற்ற 5 நிமிடம். உண்மையில் ஆடுவது 35 நிமிடம். நல்ல வேகத்தில் ஆடினால் சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல ஆறரை மடங்கு, அதாவது 6.5 மெட். கிலோவுக்கு மணிக்கு ஒரு கலோரி என்பது ஒரு மெட். ஆக 68 × 6.5 × 35/60, சுமார் 260. அந்த 20 நிமிடத்துக்கு 3 மெட் வைத்தால் 70, இடைவேளைக்கு ஒரு 10. மொத்தம் 340. இதில் வீட்டில் சும்மா இருந்தாலே செலவாகும் 70-ஐக் கழித்தால், வகுப்பால் கிடைத்த லாபம் 270 கலோரி.

வாரம் 4 வகுப்புக்கு 1,100 என்று வையுங்கள். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700. சாப்பாடு துளியும் கூடாமல் இருந்தாலே ஒரு கிலோ குறைய 7 வாரம் ஆகும். வகுப்பு முடிந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. “இன்னைக்குத்தான் 600 போச்சே” என்று ஒரு மசால் தோசை சாப்பிட்டால் 270 அங்கேயே தீர்ந்தது. “ஒரு மணி நேரத்தில் 1,000 கலோரி” என்று போஸ்டர் ஒட்டும் வகுப்புகள் மீது எனக்குள்ள கோபமும் இதுதான். 68 கிலோ ஆள் அதற்கு மணி முழுக்க நிற்காமல் 15 மெட்டில் ஆட வேண்டும். அது போட்டிக்கு ஓடுகிறவர்களின் வேகம்.

வாட்சைக் கழற்ற வேண்டாம். கலோரித் திரையை மட்டும் மறைத்துவிட்டு நாடியைப் பாருங்கள். 3 மாதம் முன்பு 150-க்கு ஏறிய அதே பாட்டுக்கு இப்போது 138 என்றால் உடல் தேறியிருக்கிறது.

முட்டி வலிக்கிறது. ஆடலாமா, கூடாதா?

எந்த முட்டி, எந்தப் பக்கம், ஆடும்போதா மறுநாளா, வீக்கம் உண்டா, என்ன தரை, என்ன ஷூ? ஒன்றுமே எழுதாமல் பதில் மட்டும் கேட்டால் நான் எங்கே போவது? வீங்கியிருந்தாலோ, மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ, நிற்கையில் திடீரென்று மடங்கினாலோ ஆடாதீர்கள், எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

அப்படி இல்லையென்றால், புதிதாக வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் காரணம் ஒன்று உண்டு. போன மாதம் ஒருவருக்கு முட்டியின் உட்புறம் வலி. பின்னால் நின்று காலை மட்டும் கவனித்தேன். பாட்டில் வலப்பக்கம் திரும்பும் இடம் வந்ததும் இடுப்பும் தோளும் கதவைப் பார்த்தன, பாதம் மட்டும் கண்ணாடியையே பார்த்தபடி தரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடுவதற்கென்று வாங்கிய ஷூ, அடியில் ஆழமான ரப்பர் பிடிப்பு. முழங்கால் மடங்கி நிமிர உண்டான மூட்டு, முறுக்குவதற்கு அதில் இடம் மிகக் குறைவு. பாதம் திரும்பாவிட்டால் அந்த முறுக்கு முழுக்க முட்டியின் ஜவ்வுக்குப் போகும்.

குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் எடையை வைத்து, பாதத்தோடு திரும்புங்கள். அது வரவில்லையென்றால் சின்னச் சின்ன நாலு அடியாக வைத்துத் திரும்புங்கள். பாட்டு காத்திருக்காதுதான், பரவாயில்லை, ஒரு ஸ்டெப் போகட்டும். அவர் இரண்டு வாரம் அடி வைத்தே திரும்பினார், வலி போய்விட்டது.

வீட்டில் டைல்ஸ் தரை. வெறுங்காலோடு ஆடலாமா?

குதிக்காமல் என்றால் ஆடலாம். குதிப்பதென்றால் ஷூ வேண்டும். டைல்ஸ் மேல் யோகா மேட் விரித்து ஆடாதீர்கள். ஒன்று மேட் வழுக்கும், இல்லாவிட்டால் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். திரும்பும்போது குதிகாலைத் தூக்குங்கள் என்பது வெறுங்காலுக்கும் பொருந்தும். வியர்த்த பாதமும் தரையில் ஒட்டலாம்.

பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எவ்வளவு ஆடினாலும் நாடி 110-ஐத் தாண்டவில்லை. இன்னும் வேகமாக ஆட வேண்டுமா?

வேண்டாம். மாத்திரைப் பெயர் அட்டினோலால், மெட்டோபுரோலால் என்பதுபோல “லால்” என்று முடிகிறதா பாருங்கள். அந்த வகை நாடியை ஏற விடாது. அதிகபட்ச நாடி எவ்வளவு என்று பார்க்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு உங்களுக்கு உதவாது. பேச்சை வைத்துப் பாருங்கள். ஆடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், கூடவே பாட முடியக் கூடாது. அதுதான் உங்கள் வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் கையை இறக்குங்கள், அதுவே வேகத்தைக் குறைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆடும் விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவையுங்கள்.

நிறைய வியர்த்தால் நிறையக் கொழுப்பு கரையுமா?

கரையாது. போவது தண்ணீர், குடித்ததும் திரும்பி வரும்.

குத்துப் பாட்டுக்கு ஆடப் பிடிக்கிறது. வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பத்தே நாளில் முன்னங்கால் எலும்பு ஓரம் வலி.

மூச்சு வாங்குவது சீக்கிரம் குறையும், எலும்பும் தசைநாரும் அந்த வேகத்தில் தேறாது. முதல் 6 வாரம் குதிக்கவே வேண்டாம். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கட்டும். இரண்டு பீட்டுக்கு ஒரு ஸ்டெப் வைத்தால் அதே குத்துப் பாட்டு பாதி வேகமாகிவிடும். கையும் இடுப்பும் முழு வேகத்தில் ஆடட்டும், குறை தெரியாது. அப்புறம் குதிக்க ஆரம்பிக்கும்போது உங்கள் காலடியைக் கேளுங்கள். “தட் தட்” என்று கேட்டால் முட்டியை விறைப்பாக வைத்து இறங்குகிறீர்கள். முன்பாதம், பிறகு குதிகால், முட்டி மடங்கி என்று இறங்கினால் சத்தம் குறையும்.

வலி எலும்பின் உள் ஓரமாக ஒரு ஜாண் நீளத்துக்குப் பரவியிருந்தால் வலி அடங்கும்வரை ஆட்டத்தை நிறுத்தி நடங்கள், சில வாரம் ஆகலாம். ஒரு விரல் வைக்கும் இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால், அல்லது நடக்கும்போதும் இரவிலும் வலித்தால் அது எலும்பில் விழுந்த மெல்லிய கீறலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். அதனால் “எக்ஸ்ரே நார்மல்” என்று சொல்லிக்கொண்டு மறுநாளே வகுப்புக்குப் போகாமல், வலி தொடர்வதை மருத்துவரிடம் மறுபடி சொல்லுங்கள்.