நல்லாத்தான் இருக்கும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் தையல் ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு யூனிட் முதலாளிகளுக்காக ஒரு ஆப் செய்கிறோம். 14 பேரைச் சந்தித்து, அவர்கள் அனுமதியோடு பேட்டியைப் பதிவு செய்தோம். முதலீட்டாளர்களுக்கும் காட்டவேண்டும் என்பதால் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுத்தாக்கி, அதிலிருந்து தேவைகளைப் பட்டியலிட்டோம். 11 பேர் ஸ்டாக் ரிப்போர்ட் வேண்டும் என்றார்கள். இரண்டு மாதம் உழைத்துச் செய்து கொடுத்தோம். ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. இன்னும் எத்தனை பேரிடம் பேசவேண்டும்? பேட்டிகளைக் குறியிட்டு வகைப்படுத்த எந்த மென்பொருள் நல்லது? மூன்று பேட்டிகளின் ஒலிப்பதிவையும் எழுத்தையும் இணைத்திருக்கிறேன்.

க., கோவை

அன்புள்ள க.,

14 பேட்டிக்கு ஒரு எக்செல் தாள் போதும். மென்பொருளை விடுங்கள். தமிழில் பேசியவர்களை ஆங்கிலத்தில் எழுதினீர்களே, கோளாறு அங்கேயே தொடங்கிவிட்டது. பேச்சுத் தமிழின் துணைவினைகளைப் பற்றிச் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

மூன்று பதிவுகளையும் கேட்டேன். நீங்கள் மரியாதையாகப் பேசுகிறீர்கள், எதிரில் இருப்பவரின் வேலையை மதிக்கிறீர்கள். அதனால்தான் அவர்களும் உங்கள் மனம் நோகாமல் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஏழாவது பேட்டியின் தொடக்கத்தில் நீங்கள் கேட்கிறீர்கள்: “ஸ்டாக் ரிப்போர்ட் போன்லயே வந்துட்டா உங்களுக்கு ஈஸியா இருக்கும்ல?” அவர் சொல்கிறார்: “ஆமாங்க தம்பி, வந்தா நல்லாத்தான் இருக்கும்.” உங்கள் தாளில் இது ‘ரிப்போர்ட் தேவை’ என்று ஏறியிருக்கிறது. “நல்லாத்தான் இருக்கும்” என்பதில் வரும் அந்தத் ‘தான்’ ஒரு ‘ஆனா’வை விழுங்கிவைத்திருக்கிறது என்று தமிழ் பேசுகிற எவருக்கும் தெரியும். நான்கு விநாடி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த ‘ஆனா’ வெளியே வந்திருக்கும். நீங்கள் அரை விநாடிகூடப் பொறுக்காமல் அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டீர்கள். ஆங்கில எழுத்தில் ‘தான்’ இல்லை, உங்கள் அவசரமும் இல்லை. முழுச் சம்மதம் மட்டும் இருக்கிறது.

அதனால் முதலில் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு தேவைக்கும் பக்கத்தில், அந்தச் சொல்லை முதலில் வாயில் எடுத்தது யார் என்று குறியுங்கள். நீங்கள் எடுத்ததென்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். எனக்கு அனுப்பிய மூன்றிலும் ‘ரிப்போர்ட்’ உங்கள் வாயிலிருந்துதான் முதலில் வந்தது. மீதி எட்டில் எத்தனை தேறும் என்று நீங்களே பாருங்கள்.

அடுத்தது வினைச்சொற்கள். “தினமும் நோட்ல எழுதுவோமுங்க” என்று ஒருவர் சொல்கிறார். தமிழில் வழக்கத்தைச் சொல்ல எதிர்கால வடிவத்தையே பயன்படுத்துகிறோம். எழுதவேண்டும் என்று நினைப்பவரும் அதே வடிவத்தில்தான் சொல்வார், தவறாமல் எழுதுகிறவரும் அப்படித்தான் சொல்வார். ஆங்கிலத்துக்குப் போனதும் அது சந்தேகத்துக்கு இடமில்லாத தகவலாக விறைத்துக்கொள்கிறது. “நேத்து எழுதினேன்” என்றால் அது நடந்தது. “எழுதுவோம்” என்றால் “கடைசியா எழுதின பக்கத்தைக் காட்டுங்க” என்று கேட்டாகவேண்டும். “பாக்கலாம்”, “பண்ணிக்கலாம்” இரண்டும் பெரும்பாலும் மறுப்பு. அவற்றைத் தேவைப் பட்டியலில் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது.

இப்போது அதே ஏழாவது பேட்டியின் 23வது நிமிடத்துக்கு வாருங்கள். நீங்கள் கேட்காமலே அவர் சொல்கிறார்:

“போன மாசம் ஒரு லாட்ல நாப்பது பீஸ் கம்மின்னு பார்ட்டி பில்லுல கழிச்சிட்டாங்க. நமக்குக் கூலிதான் தம்பி, அவங்க கழிச்சது பீஸ் விலைக்கு. வரும்போதே கம்மியா, இங்க போச்சான்னு யாருக்குத் தெரியும்? அதுலருந்து வண்டி வந்ததும் பண்டலைப் பிரிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து எனக்கே வாட்ஸ்அப்ல போட்டுக்கறேன்.”

நீங்கள்: “ஓகேங்க, ரிப்போர்ட்ல என்னென்ன விவரம் வேணும்?”

தலையில் அடித்துக்கொண்டேன். 40 நிமிடப் பேச்சில் பொன் இருந்த இடம் அது ஒன்றுதான். உங்கள் தாளில் அது ‘போட்டோ அப்லோட் வசதி’ என்று ஒரு மூலையில் கிடக்கிறது.

“கழிச்சிட்டாங்க” என்பதில் வரும் ‘விடு’, திருப்ப முடியாதபடி ஒன்று நடந்து முடிந்ததைச் சொல்கிறது. “போட்டுக்கறேன்” என்பதில் வரும் ‘கொள்’, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே செய்கிற காரியத்தைச் சொல்கிறது. முதலாவது வலி, இரண்டாவது அவராகக் கண்டுபிடித்த ஒட்டுவேலை. யாரும் சொல்லாமல், காசும் வாங்காமல் ஒருவர் தன் நேரத்தைச் செலவழித்து ஒட்டுப்போடும் இடத்தில்தான் நிறைவேறாத தேவை இருக்கிறது. எழுத்துப்படியில் “-ட்டாங்க”, “-க்கறேன்”, “-க்கறோம்” வரும் இடங்களை மஞ்சளில் தீட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தேடித் தீட்டக்கூடாது, “வந்துட்டாங்க”, “கேக்கறேன்” எல்லாம் வலையில் விழும். காதால் கேட்டுக்கொண்டே செய்யுங்கள். “அனுப்பிட்டாங்க”வில் குறையும் இருக்கலாம், நிம்மதியும் இருக்கலாம். குரல் சொல்லிவிடும்.

எனவே அந்த 14ஐயும் பேச்சுத் தமிழிலேயே மறுபடி எழுதுங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத நான்கு மணி நேரம் ஆகும், ஆகட்டும். மௌனம் இரண்டு விநாடிக்கு மேல் போனால் அதையும் குறியுங்கள். முதல் இரண்டு பேட்டிகளை நீங்களும் உங்கள் கூட்டாளியும் தனித்தனியாகத் தீட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே வேறுபடுகிறீர்களோ அங்கே உட்கார்ந்து பேசி முடிவெடுத்த பிறகு மற்றவற்றைத் தொடுங்கள். முதலீட்டாளருக்கு ஆங்கிலம் கடைசியில், பத்து வரி போதும்.

தேவையை எழுதும்போது அதில் ஆப், பட்டன், திரை எதுவும் வரக்கூடாது. ஏழாவது பேட்டிக்கு நான் இப்படி எழுதுவேன்: ‘லாட் வந்து இறங்கும்போது, பண்டல் பிரிக்கும் முன், எத்தனை பீஸ் வந்தது என்பதற்குப் பார்ட்டியும் ஒத்துக்கொள்ளும் சான்று வேண்டும். இப்போது போட்டோ எடுத்துத் தனக்கே அனுப்பிக்கொள்கிறார். 40 பீஸுக்குப் பீஸ் விலை இழந்தார். பேட்டி 7, 23வது நிமிடம்.’ கட்டுப்பாடும் உடனே தெரிகிறது: வண்டி நிற்கும் நேரத்துக்குள் முடியவேண்டும், ஆகவே ஒவ்வொரு பீஸாக எண்ணச் சொல்லும் எதுவும் அங்கே நடக்காது. கட்டின பண்டலின் போட்டோவில் உள்ளே எத்தனை பீஸ் என்பது தெரியாது என்பதையும் கவனியுங்கள். அவருடைய ஒட்டு ஓட்டை ஒட்டு. அதையே அழகாக்கி ஆப்பில் வைத்தால் ரிப்போர்ட்டுக்கு நேர்ந்த கதிதான் அதற்கும்.

எண்ணும்போது ஆட்களை எண்ணுங்கள், வாக்கியங்களை அல்ல. ஒரே ஆள் ஒன்பது முறை புலம்பினாலும் ஒன்றுதான். பத்து மிஷின்காரரையும் அறுபது மிஷின்காரரையும் ஒரே கூட்டலில் போடாதீர்கள். எத்தனை பேட்டி போதும் என்றால், ஒரே அளவு யூனிட்டுகளில் அடுத்தடுத்து மூன்று பேர் புதிதாக ஒரு சம்பவமும் சொல்லாதபோது நிறுத்துங்கள். ஆனால் இப்போது புது ஆளைத் தேடவேண்டாம். ஏழாமவரிடமே திரும்பப் போங்கள், வண்டி இறங்கும் நேரமாகப் பார்த்து. பண்டல் எண்ணுகிறவர் அவரா, சூப்பர்வைசரா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: “அந்த போட்டோவைக் கடைசியா எந்தப் பார்ட்டிகிட்டக் காட்டினீங்க, அவங்க என்ன சொன்னாங்க?”

கேட்டுவிட்டு வாயைத் திறக்காதீர்கள்.