மூன்று நாள் தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கலாமா?

கேள்வி: பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எங்களுக்கு மின்சாதன மொத்த வியாபாரம். விற்பனை, கணக்கு, கிடங்கு என்று 34 பேர் வேலை செய்கிறார்கள். மாதத்தில் மூன்று லேட் மார்க் விழுந்தால் அரை நாள் விடுப்பைக் கழிப்பது, விடுப்பு இல்லாதவர்களுக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடிப்பது என்று புதிய வருகை விதி கொண்டுவருகிறோம். ஜூலை 20 அன்று சுற்றறிக்கை கொடுத்து, ஜூலை 1 முதல் அமலுக்குக் கொண்டுவர முதலாளி விரும்புகிறார். உதாரணக் கணக்கோடு எழுதச் சொல்லி என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். இது சட்டப்படி செல்லுமா?

பதில்: தாமதமாக வருபவரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. ஆனால் எவ்வளவு பிடிக்கலாம் என்பதை முதலாளியின் சுற்றறிக்கை முடிவு செய்வதில்லை. சட்டம் முடிவு செய்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019இன் 20ஆம் பிரிவின்படி, ஒருவர் வேலையில் இல்லாத நேரம் அந்தச் சம்பளக் காலத்தில் அவர் வேலை செய்ய வேண்டிய மொத்த நேரத்தில் என்ன பங்கோ, அதே பங்கைத்தான் சம்பளத்திலிருந்து பிடிக்க முடியும். பழைய ஊதியம் வழங்கல் சட்டத்திலும் இந்த வரம்பு இருந்தது. அந்தச் சட்டம் குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்குபவர்களைத் தொடவில்லை. புதிய தொகுப்பு மேலாளர் வரை எல்லா ஊழியர்களுக்கும் பொருந்துகிறது.

ஒருவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் விற்பனைப் பிரிவில் மாதம் 24,960 ரூபாய் வாங்கும் ஒருவர் இருப்பதாகவும், அந்த மாதத்தில் 26 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றும் கொள்வோம். மொத்தம் 208 மணி நேரம். மணிக்கு 120 ரூபாய், நிமிடத்துக்கு 2 ரூபாய். அவர் மூன்று நாள்களில் முறையே 12, 18, 20 நிமிடங்கள் தாமதமாக வருகிறார். மொத்தம் 50 நிமிடம் என்பதால் சட்டம் அனுமதிக்கும் பிடித்தம் 100 ரூபாய். உங்கள் வரைவு விதிப்படி அரை நாளுக்கு 480 ரூபாய் போய்விடும். மிச்சமுள்ள 380 ரூபாய் வேலையில் இல்லாத நேரத்துக்கான பிடித்தம் ஆகாது. அது உண்மையில் அபராதம்.

'அபராதமாகவே இருக்கட்டும், மூன்று சதவீதத்துக்குள்தானே வருகிறது' என்று உங்கள் கணக்காளர் சொல்லக்கூடும். 24,960இல் மூன்று சதவீதம் 748 ரூபாய் 80 காசு என்பதால், தொகையை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரியே. ஆனால் ஊதியத் தொகுப்பின் 19ஆம் பிரிவு, அபராதம் சம்பளத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதோடு நிற்கவில்லை. எந்தச் செயலுக்கு அபராதம் என்பதை அரசின் முன் ஒப்புதலோடு அறிவிப்பாக ஒட்டியிருக்க வேண்டும். ஊழியருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். வசூலானதைப் பதிவேட்டில் எழுதி, ஊழியர் நலனுக்கு மட்டுமே செலவிட வேண்டும். மாதக் கடைசியில் மென்பொருள் தானாகக் கழிக்கும் தொகை இவற்றில் எதையும் நிறைவேற்றுவதில்லை.

பணத்துக்குப் பதில் விடுப்பைக் கழித்தால் பிரச்சினை தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம், 1961இன் 15ஆம் பிரிவு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பையும், நோய் முதலிய நியாயமான காரணங்களுக்காக ஆண்டுக்கு 12 நாள் வரை விடுப்பையும் ஊழியருக்குத் தருகிறது. இந்தக் குறைந்தபட்ச விடுப்பில் தாமதத்துக்காக அரை நாளைக் கழிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இதற்கு மேல் நிறுவனம் தானாக முன்வந்து தரும் விடுப்பு ஏதேனும் இருந்தால் அதில் கழிப்பதற்கு விதி எழுதலாம். எந்த விடுப்பு என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

அடுத்தது தேதி. ஜூலை 20 அன்று கொடுத்த தாளால் ஜூலை 1 அன்று வந்த தாமதத்துக்குத் தண்டனை தர முடியாது. அதோடு, தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020இன் 40ஆம் பிரிவு, மூன்றாம் அட்டவணையில் உள்ள பணி நிபந்தனைகளை மாற்றும்போது பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து, 21 நாள் கடந்த பிறகே மாற்றத்தை அமல்படுத்தச் சொல்கிறது. வேலை நேரம், சம்பளத்துடன் கூடிய விடுப்பு, புதிய ஒழுங்கு விதிகள் ஆகியவற்றுடன், வழக்கமாக இருந்துவந்த சலுகையைத் திரும்பப் பெறுவதும் அந்த அட்டவணையில் உள்ளது. 'கால் மணி நேரம் முன்னே பின்னே வந்தாலும் யாரும் கேட்டதில்லை' என்று உங்கள் கிடங்கு ஆட்கள் சொல்வார்கள் என்றால், அதுவும் இந்த வகையில் வரக்கூடும். 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும் இப்பிரிவில் 'தொழிலாளர்' ஆக மாட்டார்கள். இருந்தாலும் ஒரே கடையில் இரண்டு தேதி வைப்பது வீண் குழப்பம்.

ஜூலை 20 அன்று எல்லோர் கையிலும் சுற்றறிக்கை சேர்ந்தால் 21 நாள் ஆகஸ்ட் 10 அன்று முடிகிறது. சம்பள மாதத்தின் நடுவில் தொடங்கினால் கணக்கு இரண்டுபடும் என்பதால், செப்டம்பர் 1 என்று வையுங்கள். கன்னடத்திலும் தமிழிலும் படி எடுத்து, ஒவ்வொருவரிடமும் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றறிக்கையின் முக்கியப் பகுதியை இப்படி எழுதலாம்:

"இவ்விதி செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வருகிறது. ஆகஸ்ட் 31 வரையிலான தாமதங்கள் கணக்கில் எடுக்கப்படமாட்டா. அதுவரை சேர்ந்த விடுப்பு இருப்பு அப்படியே தொடரும். வேலை தொடங்கும் நேரம் காலை 9.30. 9.40 வரை பஞ்ச் செய்பவருக்குத் தாமதம் இல்லை. அதன் பிறகு வருபவருக்கு 9.40க்கு மேற்பட்ட நிமிடங்கள் மட்டுமே தாமதமாகக் கொள்ளப்படும். உதாரணம்: 9.39க்கு வந்தவருக்குத் தாமதம் இல்லை, 9.48க்கு வந்தவருக்கு 8 நிமிடம். மாத முடிவில் தாமத நிமிடங்கள் கூட்டப்பட்டு, அந்த நேரத்துக்குரிய சம்பளம் மட்டும் பிடிக்கப்படும். ஒரு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் தாமதமாக வருபவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கப்படும்."

9.48க்கு வந்தவருக்கு 8 நிமிடமா 18 நிமிடமா என்பதை எழுதாமல் விடுவதால்தான் பாதிச் சண்டை வருகிறது. முழு 18 நிமிடத்தையும் கணக்கிட முதலாளி விரும்பினால் அதற்கும் சட்டத் தடை இல்லை. உதாரணத்தில் தெளிவாகச் சொன்னால் போதும். சரக்கு லாரி வந்து சந்து அடைபட்டிருக்கும் நாளில் வாசலில் நிற்பவரும் 9.41க்குத்தான் விரல் வைக்க முடியும் என்பதால், மேலாளர் திருத்தம் செய்ய ஒரு வழியும் இருக்கட்டும்.

மாலையில் பஞ்ச் செய்ய மறந்தவரை அரை நாள் வராதவராகக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. அவர் மாலை 6 மணிக்குப் போட்ட பில் கணினியில் இருக்கும்போது அந்தப் பிடித்தம் நிற்காது. இரண்டு வேலை நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் சரிசெய்யப்படும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலைச் சம்பளத்தில் புதிய விதிப்படி யாருக்காவது ஏற்கெனவே கழித்திருந்தால், ஆகஸ்ட் சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஊதியத் தொகுப்பின் 45ஆம் பிரிவின் கீழ் ஊழியர் மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்யலாம்; அதிகாரி அந்தத் தொகையோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் தரச் சொல்ல முடியும்.