ஊசி குத்தினால்: ஒரு தொற்றுத்தடுப்பு நர்ஸின் பதில்கள்

அக்கா, நேத்து நைட் டியூட்டியில கேனுலா ஊசி குத்திடுச்சு. பேஷன்ட்டுக்கு எச்.ஐ.வி. நெகட்டிவ், மஞ்சள் காமாலை பி பாசிட்டிவ். காலேஜ்ல மூணு தடுப்பூசியும் போட்டேன். போதும்தானே?

போட்டது சரிம்மா, அது உடம்பில் பிடித்ததா என்று யாராவது பார்த்தார்களா? இல்லையென்றால் இன்றே ஆன்டிபாடி டைட்டருக்கு ரத்தம் கொடுங்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் பி பற்றிய கவலையை விடலாம். குறைந்தால் தயார் ஆன்டிபாடி ஊசியான இம்யூனோகுளோபுலின் வேண்டும், கிலோவுக்கு 0.06 மி.லி. நீங்கள் 55 கிலோ என்றால் 3.3 மி.லி. 24 மணி நேரத்துக்குள் போடுவதே நல்லது, 7 நாள் தாண்டினால் நம்பிக்கை இல்லை. கூடவே வேறு இடத்தில் தடுப்பூசி முதல் டோஸ், பிறகு 1, 6 மாதங்களில் மற்ற இரண்டு. ஆறாம் மாதம் பி வந்திருக்கிறதா என்று ஒரு பரிசோதனை.

வரிசை மட்டும் மாறக்கூடாது: முதலில் ரத்தம், பிறகுதான் இம்யூனோகுளோபுலின். மாற்றிச் செய்தால், ஊசியில் வந்த இரவல் ஆன்டிபாடியே டைட்டரில் தெரியும். பாதுகாப்பு இருக்கிறது என்று ஏமாந்துவிடுவோம். எங்கள் வார்டு தங்கை ஒருத்திக்கு அப்படித்தான் நடந்தது.

குறிப்பில் இப்படி எழுதுங்கள்: "இரவு 11.40, இடது ஆள்காட்டி விரல், க்ளவ்ஸ் இருந்தது, கேனுலா ஊசியில் ரத்தம் தெரிந்தது, என் ரத்தம் எடுத்தது 12.30." பேஷன்ட்டுக்கு மஞ்சள் காமாலை சி பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள்.

நாலு நாள் கழிச்சுதான் சொன்னேன், பேஷன்ட் யாருன்னே தெரியாது. மாத்திரை தருவாங்களா?

எச்.ஐ.வி. மாத்திரைக்கு 72 மணி நேரம்தான் கெடு. தாண்டிவிட்டது. பி-க்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, ஓடுங்கள். இன்றைய ரத்தத்தையும் விடாதீர்கள். இன்று நெகட்டிவ் என்ற தாள் இருந்தால்தான், பின்னால் ஏதாவது வந்தால் வேலையில் வந்தது என்று சொல்ல முடியும். எச்.ஐ.வி. மறுபடி 6 வாரம், 3 மாதம், 6 மாதம்.

விரலை நல்லா பிழிஞ்சு ரத்தம் எடுத்துட்டேன், போதுமா?

வேண்டாம். சோப்பு, ஓடும் தண்ணீர். டெட்டால், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள்.

எங்க சீனியர் டாக்டர் 20 வருஷமா பிழியத்தான் சொல்றார். கெடுதல்னு ஆதாரம் உண்டா?

கெடுதல் என்று அடித்துச் சொல்லும் ஆதாரம் என்னிடம் இல்லை. பலன் என்பதற்கும் இல்லை. பிழிகிற இடம் நசுங்கும் என்பதால் வேண்டாம் என்கிறோம். எனக்கு உறுத்துவது வேறு: பிழிந்தவர்கள் "ரத்தம் போயிடுச்சு" என்று திருப்தியாகி, காலையில்தான் சொல்கிறார்கள். எச்.ஐ.வி. மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கப் பார்க்கிறோம்.

என் மாமனாருக்கு அவரோட இன்சுலின் ஊசியே குத்திடுச்சு...

அவர் மட்டுமே பயன்படுத்திய ஊசி என்றால் கழுவினால் போதும்.

பிழியலாமா, கூடாதா?

மேலே படியுங்கள்.

பேஷன்ட்டுக்கு எச்.ஐ.வி., ஆனா மாத்திரையில வைரஸே தெரியலையாம். நானும் 28 நாள் சாப்பிடணுமா?

ஆபத்து மிகக் குறைவுதான். இருந்தாலும் அவருடைய பழைய ரிப்போர்ட்டை நம்பி நான் நிறுத்தமாட்டேன். முதல் மாத்திரையைப் போட்டுவிட்டு, எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் பேசுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரை, அசிடிட்டிக்கான ஆன்டாசிட் இருந்தால் அங்கே சொல்லுங்கள், எச்.ஐ.வி. மாத்திரையில் உள்ள டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதை அவை குறைக்கும். பரிசோதனைகள் முடியும்வரை, அந்த ஆறு மாதமும் ரத்ததானம் வேண்டாம், காண்டம் அவசியம்.