காலை வழிபாட்டில் கை கழுவல்: ஒரு கதவுக் கைப்பிடி போதும்

கேள்வி: ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அடுத்த வாரம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கை கழுவுவது பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தொற்றுச் சங்கிலியையும் விளக்க வேண்டுமாம். புத்தகத்தில் ஆறு கண்ணிகள் என்று இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது, டாக்டர்?

பதில்: ஆறையும் பெயர் சொல்லி அடுக்காதீர்கள். மூன்றாவது பெயர் வருவதற்குள் பின்வரிசை பேச ஆரம்பித்துவிடும். ஒரு கிருமியை எடுத்துக்கொண்டு, அது ஒரு வயிற்றிலிருந்து இன்னொரு வயிற்றுக்குப் போன கதையைச் சொல்லுங்கள். கிருமி, அது குடியிருந்த உடம்பு, வெளியே வந்த வழி, பயணம், உள்ளே நுழைந்த வழி, அடுத்து மாட்டிக்கொண்ட பிள்ளை என்று ஆறு கண்ணிகளும் அந்தக் கதையிலேயே வந்துவிடும். உங்கள் மனதில் ஆறு இருக்கட்டும், பிள்ளைகள் காதில் கதை மட்டும் விழட்டும்.

என் தேர்வு நோரோ வைரஸ். பள்ளிகளில் திடீரென்று பல பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் முதலில் சந்தேகப்படும் கிருமிகளில் இதுவும் ஒன்று. மிகச் சில துகள்கள் வாய்க்குள் போனாலே நோய் வந்துவிடும். வாந்தி நின்று பிள்ளை பள்ளிக்குத் திரும்பிய பிறகும் ஓரிரு வாரம், சில சமயம் அதற்கு மேலும், மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். பார்க்க நன்றாக இருக்கும் பிள்ளையிடமிருந்தும் பரவும் என்பதால்தான் கதைக்கு இது பொருத்தம். பெயரெல்லாம் பிள்ளைகளுக்கு வேண்டாம், ‘வயிற்றுக் கிருமி’ போதும்.

இப்படிப் பேசலாம்:

“பிள்ளைகளே, ஒரு பையனுக்குப் போன வாரம் வயிற்று வலி. இப்போது சரியாகிவிட்டது, பள்ளிக்கு வந்துவிட்டான். ஆனால் அவன் வயிற்றுக்குள் குட்டிக் குட்டிக் கிருமிகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. அவன் கழிப்பறைக்குப் போனான். கிருமிகள் வயிற்றை விட்டு வெளியே வந்தன, அவன் விரலில் ஒட்டிக்கொண்டன. அவசரமாக வகுப்புக்கு ஓடினான், கை கழுவவில்லை. கதவுக் கைப்பிடியைப் பிடித்தான். இப்போது கிருமி எங்கே? (பிள்ளைகள் சொல்லட்டும்.) ஆமாம், கைப்பிடியில். பின்னாலேயே ஒரு பெண் வந்தாள், அதே கைப்பிடியைத் தொட்டாள். இப்போது எங்கே? அவள் கையில். மணி அடித்தது, சாப்பாட்டு நேரம். அதே கையால் சாப்பிட்டாள். கிருமிக்கு வாய்தான் வாசல், உள்ளே போய்விட்டது. ஒரு நாள் கழித்து அவளுக்கு வயிற்று வலி.

அந்தக் கிருமிக்குக் கால் கிடையாது, இறக்கையும் கிடையாது. அதைத் தூக்கிக்கொண்டு போனது யார்? நம் கைதான்! சரி, இந்தக் கதையில் எந்த இடத்தில் கை கழுவியிருந்தால் அது நின்றிருக்கும்?”

இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். இரண்டு இடங்கள் இருக்கின்றன: பையன் கழிப்பறையிலிருந்து வந்ததும், பெண் சாப்பிட உட்காரும் முன்பும். ஏதாவது ஒன்று நடந்திருந்தாலே கிருமி அவள் வயிற்றுக்குப் போய்ச் சேர்வது கடினம். எப்போதெல்லாம் கை கழுவ வேண்டும் என்ற நீண்ட பட்டியலுக்குப் பதில் இந்த இரண்டு நேரங்களை மட்டும் பிள்ளைகள் வாயாலேயே சொல்ல வைத்தால் போதும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: சமீபத்தில் நிஜமாகவே நோயில் விழுந்து வந்த பிள்ளை யாராவது வரிசையில் இருக்கலாம். கதைப் பையனை அவன் சாயலில் வைத்துவிடாதீர்கள். அவனோடு யாரும் விளையாட மாட்டார்கள்.

அடுத்து ஒரு செய்முறை. தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவி, சோப்பு தொட்ட விரலை வைத்ததும் தூள் விலகி ஓடுவதைக் காட்டும் வித்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. தூள் விலகுவது நீரின் பரப்பு இழுவிசை குறைவதால். பிள்ளைகளோ சோப்பைப் பார்த்ததும் கிருமி பயந்து ஓடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். தொட்டால் போதும், தேய்க்க வேண்டாம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

மாறாக, ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் நாலைந்து சொட்டு எண்ணெய் தடவி, நிறச் சாக்பீஸ் தூளைத் தாராளமாகத் தூவுங்கள். அந்தப் பிள்ளை இரண்டாவது பிள்ளைக்குக் கை கொடுக்கட்டும். இரண்டாவது பிள்ளை ஒரு வெள்ளைத் தாளை அழுத்திப் பிடித்துத் தூக்கிக் காட்டட்டும். தாளில் விரல் பதிந்திருப்பது பின்வரிசைக்கும் தெரியும். முதல் நாளே ஒரு தடவை செய்து பாருங்கள், தூள் குறைந்தால் தாளில் ஒன்றும் பதியாது.

அப்புறம் கழுவும் கட்டம். முதல் பிள்ளை வெறும் தண்ணீரில் கழுவினால் நிறம் பெரும்பாலும் அப்படியே நிற்கும், எண்ணெய் விடாது. கிருமியும் கையில் உள்ள எண்ணெய்ப்பசையோடும் அழுக்கோடும் இப்படித்தான் ஒட்டியிருக்கிறது என்று இங்கே சொல்லுங்கள். பிறகு சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்கட்டும், கூட்டம் முழுவதும் நிதானமாக ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணட்டும். கழுவி முடித்த கையைக் கிட்டத்தில் பாருங்கள். உள்ளங்கை பளிச்சென்று இருக்கும். கட்டைவிரலைச் சுற்றியும், நகத்து ஓரத்திலும், விரல் இடுக்கிலும் நிறம் மிச்சம் இருக்கும். பெரியவர்கள் கழுவினாலும் விட்டுப்போகும் இடங்கள் இவையே. ஒரு கட்டைவிரலை மற்றக் கையால் பொத்திப் பிடித்துத் திருகுவதையும், விரல் நுனிகளை எதிர் உள்ளங்கையில் சுரண்டுவதையும் செய்து காட்டி, எல்லாரையும் காற்றிலேயே ஒரு முறை செய்ய வையுங்கள். கடைசியில் ஈரத்தைத் துடைக்கச் சொல்ல மறக்காதீர்கள். ஈரக் கையிலிருந்து கிருமி சுலபமாக அடுத்த பொருளுக்குத் தாவும்.

‘சோப்பு கிருமியைக் கொன்றுவிடும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கொழுப்புறை உள்ள சில வைரஸ்களை அது சிதைக்கும் என்பது உண்மைதான். நம் கதையின் நோரோ வைரஸுக்கு அந்த உறையே கிடையாது. சோப்பு அதைப் பெயர்த்தெடுக்கிறது, ஓடும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. இதே காரணத்தால்தான் சானிடைசரும் இந்த வைரஸிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை.

பேச்சு முடிந்ததும் கேள்விகள் வரும். “கை கழுவினால் எந்த நோயும் வராதா?” என்று ஒரு பிள்ளை கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். கை வழியாகப் போகும் கிருமியைத்தான் கை கழுவுதல் நிறுத்தும். தட்டம்மை காற்றில் வரும், மலேரியா கொசுவால் வரும், அந்தச் சங்கிலிகளை வேறு இடத்தில் அறுக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக்கு இந்த அளவு தாராளமாகப் புரியும்.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: “எல்லாரும் தொட்ட சோப்பிலேயே கிருமி இருக்காதா, மிஸ்?” நல்ல கேள்வி. இருக்கலாம்தான். ஆனால் நுரைத்துத் தேய்த்துத் தண்ணீரில் அலசும்போது அதுவும் சேர்ந்தே போய்விடும். சோப்பைத் தண்ணீர் தேங்காத ஓட்டைத் தட்டில் வைத்தால் சரி. அந்தத் தட்டும் சோப்பும் பேச்சு நடக்கும் அன்று காலையிலேயே குழாயடியில் இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.